ஆக்ஸிஜனில் நாலாவது எலக்ட்ரான்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேதியியல் என்றாலே ஓடுபவர்கள் தாராளமாகக் கடந்து போகலாம். என்னிடம் பதினோராம் வகுப்பு படித்தவர்கள் மட்டும் கடைசி வரை படிக்கவும். உங்களுக்கு நான் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். அவள் மகளின் ஒர்க்‌ஷீட். எலக்ட்ரான் அமைப்பு, தனிம வரிசை அட்டவணை, அணு ஆரம், அயனியாக்கும் ஆற்றல் என்று பத்துக் கேள்விகள். "சார், ஏழாவது கேள்விக்கு ஏன் ஒரு மார்க் குறைச்சிருக்காங்கன்னு பாருங்க. பொண்ணு முகத்தைத் தூக்கி வச்சிட்டிருக்கா" என்று கீழே எழுதியிருந்தாள்.

பெரிதாக்கிப் பார்த்தேன். நாலாவது கேள்வி: சோடியம், குளோரின் இரண்டில் எதன் அணு சிறியது, ஏன்? பெண்ணின் பதில்: "குளோரின். ஏனெனில் வரிசையில் இடமிருந்து வலமாகச் செல்லும்போது அணுவின் அளவு குறைகிறது." இரண்டுக்கு இரண்டு.

ஏழாவது கேள்வி: நைட்ரஜன், ஆக்ஸிஜன் இரண்டில் எதன் முதல் அயனியாக்கும் ஆற்றல் அதிகம், ஏன்? பெண்ணின் பதில்: "நைட்ரஜன். ஆக்ஸிஜனில் ஒரு ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்கள் ஒன்றாக இருக்கின்றன. அவை ஒன்றையொன்று தள்ளுவதால் ஒன்றை எடுப்பது எளிது." இரண்டுக்கு ஒன்று. பக்கத்தில் சிவப்பு மையில், "சரிபாதி நிரம்பிய ஆர்பிட்டால், அதிக நிலைப்புத்தன்மை."

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். மதிப்பெண் இடம் மாறி விழுந்திருக்கிறது. நாலாவது கேள்விக்கு அந்தப் பெண் காரணமே சொல்லவில்லை. ஏழாவதுக்குச் சொன்னாள், அதற்குத்தான் வெட்டு.

நாலாவதை முதலில் பார்ப்போம். "வலப்பக்கம் போனால் குறையும்" என்பது நாம் பார்த்த விஷயம். "மார்கழியில் ஏன் குளிர்கிறது" என்று கேட்டால் "மார்கழி மாதமென்றால் குளிரும்" என்று சொல்வது போல. பதினேழு எலக்ட்ரான் உள்ள அணு, பதினோரு எலக்ட்ரான் உள்ள அணுவை விடச் சிறியதாக இருப்பது உண்மையில் வியப்பான விஷயம். முதல் தடவை கேட்கிற பிள்ளை "எலக்ட்ரான் அதிகமானால் அணு பெருக்கத்தானே வேண்டும்?" என்று கேட்டால் அது நல்ல பிள்ளை. அந்தக் கேள்விக்கு அம்புக்குறியில் பதில் இல்லை.

சோடியத்தை எழுதிப் பாருங்கள்: 1s² 2s² 2p⁶ 3s¹. உட்கருவில் 11 புரோட்டான். வெளியே நிற்கும் ஒற்றை எலக்ட்ரானுக்கும் உட்கருவுக்கும் நடுவில் பத்து எலக்ட்ரான்கள் திரை போல நிற்கின்றன. அதனால் 11-இன் இழுப்பு முழுசாக அதற்குப் போய்ச் சேருவதில்லை. எவ்வளவு போய்ச் சேருகிறது என்று மதிப்பிட ஸ்லேட்டர் 1930-இல் ஒரு எளிய கணக்கு கொடுத்தார். அடுத்த உள்கூட்டில் உள்ள ஒவ்வொரு எலக்ட்ரானும் 0.85 அளவு மறைக்கும், அதற்கும் உள்ளே இருப்பது முழுசாக 1 மறைக்கும், ஒரே கூட்டில் பக்கத்தில் நிற்பது 0.35 மட்டும் மறைக்கும். சோடியத்துக்கு எட்டு எலக்ட்ரான் 6.8, அதற்கு உள்ளே இரண்டு 2, மொத்தம் 8.8. 11-இல் அது போக மீதி 2.2.

இப்போது குளோரின். 17 புரோட்டான். உள்ளே அதே பத்து எலக்ட்ரான், அதே 8.8 மறைப்பு. கூடுதலாக வந்த ஆறும் மூன்றாவது கூட்டிலேயே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பக்கத்தில் நிற்பவன் எவ்வளவு மறைக்க முடியும்? ஆறு 0.35, அதாவது 2.1. மொத்தம் 10.9. மீதி 6.1. ஆக, குளோரினின் வெளி எலக்ட்ரான் சோடியத்தினுடையதை விட ஏறத்தாழ மூன்று மடங்கு வலுவாக உள்ளே இழுக்கப்படுகிறது. ஆரம் சோடியத்துக்கு 186 பிக்கோமீட்டர், குளோரினுக்கு 99. புரோட்டான் ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் புதிதாக வரும் எலக்ட்ரான் திரைக்கு உதவுவதில்லை. காரணம் இவ்வளவுதான். (அடுத்து நிற்கும் ஆர்கானுக்குச் சில அட்டவணைகளில் 188 என்று போட்டிருக்கும். அது குழம்ப வைக்கும். ஆர்கான் இன்னொரு ஆர்கானோடு பிணைவதில்லை, அதனால் ஒட்டாமல் நிற்கும் தூரத்தை வைத்து அளக்கிறார்கள். அளவுகோல் வேறு.)

இனி ஏழாவது கேள்வி. என் திருத்தமும் இங்கேதான்.

"சரிபாதி நிரம்பிய நிலைப்புத்தன்மை" என்ற வரியை உங்கள் நோட்டில் எழுதவைத்தவன் நான். அடிக்கோடு போடவும் சொன்னேன். விடைத்தாள் திருத்தும் முகாமில் கட்டுக்கட்டாகத் தாள் முன்னால் இருக்கும்போது கண் அந்தச் சொல்லைத்தான் தேடும், அது எனக்குத் தெரியும், அதனால் சொன்னேன். உங்களுக்கு மதிப்பெண் வந்தது. ஆனால் அந்த வரி நைட்ரஜனைக் கையைக் காட்டுகிறது. விசேஷம் நைட்ரஜனில் இல்லை, ஆக்ஸிஜனில் இருக்கிறது.

இதை நம்பச் சொல்லவில்லை, ஒரு கிராஃப் தாள் எடுத்துப் புள்ளி வையுங்கள். முதல் அயனியாக்கும் ஆற்றல், ஒரு மோலுக்குக் கிலோஜூலில்: போரான் 801, கார்பன் 1086, நைட்ரஜன் 1402, ஆக்ஸிஜன் 1314, ஃபுளூரின் 1681, நியான் 2081.

போரானிலிருந்து கார்பனுக்கு 285 ஏறுகிறது. கார்பனிலிருந்து நைட்ரஜனுக்கு 316. கிட்டத்தட்ட ஒரே சீரான படிகள். நைட்ரஜனுக்கு ஏதாவது தனி பலம் இருந்தால் அது அந்தக் கோட்டிலிருந்து மேலே துருத்திக்கொண்டு நிற்க வேண்டும், ஆக்ஸிஜன் திரும்பக் கோட்டுக்கு வந்துவிட வேண்டும். நடப்பது அதுவல்ல. நைட்ரஜன் சமர்த்தாகக் கோட்டிலேயே இருக்கிறது. அதே கோட்டை நீட்டினால் ஆக்ஸிஜன் 1700-க்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். 1314-இல் விழுகிறது. பிறகு ஃபுளூரினுக்கு 367, நியானுக்கு 400 என்று மறுபடி ஏற்றம், ஆனால் மூன்றுமே பழைய கோட்டுக்குக் கீழே. ஆக்ஸிஜனில் ஏதோ ஒன்று புதிதாக ஆரம்பித்து மற்ற இரண்டிலும் தொடர்கிறது.

என்ன ஆரம்பித்தது? நைட்ரஜன் 2p³. மூன்று p ஆர்பிட்டால், மூன்று எலக்ட்ரான், ஹூண்ட் விதிப்படி ஆளுக்கு ஒரு அறை. ஆக்ஸிஜன் 2p⁴. நாலாவதாக வருபவர் ஏற்கெனவே ஆள் இருக்கும் அறையில்தான் தங்க வேண்டும். இருவருக்கும் எதிர்மின்சுமை. அந்த நெருக்கடியால் நாலாவதை வெளியே எடுக்க ஆற்றல் குறைவாகப் போதும். அந்தப் பெண் எழுதியது இதுதான், ஒரு சொல் பிசகில்லாமல். ஒரே தற்சுழற்சி உள்ள எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலகியே இருக்கும், அதனால் கிடைக்கும் பரிமாற்ற ஆற்றல் என்று கல்லூரியில் இன்னும் நுணுக்கமாகச் சொல்வார்கள். சரிபாதி என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் உண்மை அதுதான். அந்த வழியில் போனாலும் எதிர்ச் சுழற்சியோடு வரும் நாலாவது எலக்ட்ரானுக்குத்தான் அந்த லாபம் கிடைப்பதில்லை என்ற இடத்துக்கே வந்து சேர்வீர்கள்.

அடுத்த வரிசையிலும் பாருங்கள். பாஸ்பரஸ் 1012, கந்தகம் 1000. அங்கேயும் 3p³, 3p⁴. ஆனால் சரிவு 88 இல்லை, வெறும் 12. சரிபாதி நிலைப்புத்தன்மை என்று மட்டும் எழுதவைத்தால், இரண்டு இடத்திலும் அதே பாதிதானே, சரிவு ஏன் இவ்வளவு சுருங்கியது என்று கேட்கும் பிள்ளைக்கு என்ன சொல்வோம்? நெருக்கடி என்று சொல்லிக்கொடுத்திருந்தால் அவளே சொல்லிவிடுவாள்: மூன்றாவது கூட்டில் அறை பெரியது, இருவர் தங்கினாலும் அவ்வளவு இடிபாடு இல்லை.

பெரிலியம் 899-இல் இருக்க, அடுத்த போரான் 801-க்கு இறங்குவதற்கும் "முழுவதும் நிரம்பிய s" என்று ஒரு வரி உண்டு. அதையும் நான்தான் எழுதவைத்தேன். போரானில் வெளியேறுவது 2p எலக்ட்ரான். அது 2s-ஐ விட உயர்ந்த ஆற்றல் மட்டத்தில் இருக்கிறது, 2s எலக்ட்ரான்களும் அதைக் கொஞ்சம் மறைக்கின்றன. இதற்கு மேல் அதில் பெரிய மர்மம் இல்லை.

அந்த ஆசிரியரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. விடைக்குறிப்பில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அவர் தேடியிருப்பார், நானும் அதைத்தான் செய்தேன். என் சண்டை விடைக்குறிப்போடு. அதில் "அல்லது, ஒரே ஆர்பிட்டாலில் இணையும் எலக்ட்ரான்களின் விலக்கம்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். இப்போது ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள் ஏழெட்டுப் பேராவது இதைப் படிப்பீர்கள். அந்த வரி இல்லாவிட்டாலும் மதிப்பெண் போடுங்கள். "வலப்பக்கம் போனால் குறையும்" என்று மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்ணோடு நிறுத்துங்கள், திட்டினால் என்னைச் சொல்லுங்கள்.

பெண்ணுக்கு நான் பதிலாக ஒரு கேள்வி அனுப்பினேன். முதல் எலக்ட்ரான் போய்விட்டது. இரண்டாவதை எடுக்க ஆக்ஸிஜனுக்கு அதிக ஆற்றல் வேண்டுமா, ஃபுளூரினுக்கா? அட்டவணையைப் பார்க்கக் கூடாது.

ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு போட்டோ வந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆறு கட்டங்கள், உள்ளே அம்புகள். O⁺-க்கு நேரே மூன்று அம்பு, F⁺-க்கு நேரே நாலு. கீழே, "ஆக்ஸிஜன்தான் தாத்தா. இப்போ நாலாவது ஆள் ஃபுளூரின் வீட்ல இருக்கார்." ஆக்ஸிஜன் 3388, ஃபுளூரின் 3374. சரிபார்த்து ஒரு டிக் போட்டு அனுப்பினேன். "எத்தனைக்கு எத்தனை?" என்று உடனே கேட்டாள்.