சந்தாவை நிறுத்தும் முன் கோப்புகளைக் கட்டி வையுங்கள்

பணம் கட்டும்வரை திறக்கும், கட்டாவிட்டால் திறக்காது என்ற வகை மென்பொருளை விட்டு வெளியேற நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "இதற்குப் பதிலாக வேறு எது நல்லது?" என்பதுதான். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. பழைய வேலைகளை வெளியே எடுத்து வைப்பதுதான் முதல் வேலை. அதையும் சந்தா உயிரோடு இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

நான் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்து ஓய்வு பெற்றவன். மென்பொருள் எனக்குச் சொந்தத் தொழில் இல்லை. ஆனால் என் தங்கை மகள் வீட்டிலிருந்தே புத்தக வடிவமைப்பும் பள்ளி ஆண்டு மலரும் செய்கிறவள். அவளோடு உட்கார்ந்து இந்த வேலையை முழுசாகப் பார்த்ததால் எழுதுகிறேன்.

அவள் வைத்திருப்பது இன்டிசைன். முன்பு பெட்டியில் ஒரு தரம் வாங்கி வருடக்கணக்கில் ஓட்டலாம். 2013 மே மாதம் அடோபி நிறுவனம் இனி எல்லாம் சந்தாதான் என்று அறிவித்தது. பெட்டியில் வந்த கடைசிப் பதிப்பு CS6.

"வேலை வராத மாசத்துக்கும் பணம் போகுது மாமா. நிறுத்திடலாம்னு இருக்கேன். கோப்பெல்லாம் என் ஹார்ட் டிஸ்க்லதானே இருக்கு?" என்றாள்.

இருக்கிறது. ஆனால் `.indd` என்று முடியும் அந்தக் கோப்பை இன்டிசைன் தவிர மற்ற மென்பொருள்கள் அப்படியே படிக்காது. பெட்டி நம் வீட்டில், சாவி அடுத்தவர் வீட்டில் என்ற கதை. ஆகவே ஒவ்வொரு வேலையையும் மூன்று வடிவில் வைக்க வேண்டும். பார்ப்பதற்கு ஒரு பிடிஎஃப். திருத்துவதற்கு ஒரு ஐடிஎம்எல். இவற்றோடு மூலக் கோப்பும், அதில் வைத்த படங்களும், எழுத்துருக்களும்.

இந்த மூன்றையும் ஒரே தடவையில் தருகிற வசதி இன்டிசைனிலேயே இருக்கிறது. File பட்டியலில் Package என்பதை அழுத்தினால் வரும் பெட்டியில் Include IDML, Include PDF (Print) என்று இரண்டு கட்டங்கள் உண்டு. இரண்டிலும் குறியிட்டால் ஒரே கோப்புறையில் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். அதற்கு முன்னால் எத்தனை படங்கள் காணவில்லை என்று அது ஒரு கணக்கும் காட்டும். அந்த எண் பூஜ்யமாக இல்லாவிட்டால் நிறுத்திவிட்டு, தொலைந்த படத்தைத் தேடி இணைத்த பிறகே கட்ட வேண்டும். ஏனென்றால் ஐடிஎம்எல்லுக்குள் இணைப்புப் படம் இருக்காது, அது எங்கே இருந்தது என்ற முகவரிதான் இருக்கும்.

எங்கள் மருமகளிடம் 11 வருடத்தில் 312 வேலைகள் சேர்ந்திருந்தன. எல்லாவற்றையும் கட்ட வேண்டியதில்லை என்பது என் கட்சி. மறுபதிப்புக்கு வரக்கூடிய புத்தகங்கள், வருடா வருடம் அதே அமைப்பில் வரும் மலர்கள் என்று பிரித்தபோது 46 தேறின. அவற்றுக்கு மட்டும் முழுக் கட்டு. நடந்து முடிந்த கல்யாணத்தின் பத்திரிகையை இனி யார் திருத்தப் போகிறார்கள்? அந்த வகைக்கெல்லாம் பிடிஎஃப் ஒன்று போதும். ஒன்பது சாயங்காலத்தில் வேலை முடிந்தது.

இதில் இரண்டு இடத்தில் கால் இடறும். முதலாவது எழுத்துரு. சந்தாவோடு சேர்ந்து வரும் அடோபி எழுத்துருக்களை Package நகல் எடுக்காது. சந்தா போனால் அவையும் போகும். பிடிஎஃப்பில் எழுத்து உள்ளேயே பதிந்திருப்பதால் பார்ப்பதற்குக் குறை வராது. திருத்தும்போதுதான் வேறு எழுத்துரு தேவைப்படும். எந்தப் பக்கத்தில் எந்த எழுத்துரு என்று ஒரு தாளில் குறித்து வைத்தால் மாற்று தேடுவது சுலபம்.

இரண்டாவது, தமிழ் வேலை செய்கிறவர்களுக்கே உரிய சங்கடம். ஐடிஎம்எல் என்பது உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. பெயரின் கடைசியை `.zip` என்று மாற்றித் திறந்தால் Stories என்ற கோப்புறைக்குள் புத்தகத்தின் வாசகம் முழுவதும் சாதாரண எழுத்தாகவே கிடக்கும். எந்த மென்பொருளும் இல்லாவிட்டாலும் படிக்கலாம். அவளுடைய யூனிகோடு கோப்புகளில் அழகாகத் தமிழ் தெரிந்தது. பழைய கோப்பு ஒன்றில் "தமிழ்" இருக்க வேண்டிய இடத்தில் `jkpo;` என்று இருந்தது. கோப்பு கெட்டுப்போகவில்லை. அது பாமினி எழுத்துருவில் அடித்தது. ஆங்கில விசைக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு அது. போர்வை போனால் இப்படித்தான் தெரியும். அந்த மாதிரிக் கோப்புகளுக்கு எழுத்துருவை உடன் வைப்பதோடு, வாசகத்தை யூனிகோடுக்கு மாற்றித் தனியாக ஒரு பிரதியும் வைக்க வேண்டும்.

சரி, ஐடிஎம்எல்லை எதில் திறப்பது? இலவசமான ஸ்கிரைபஸ் திறக்கும், அஃபினிட்டியும் திறக்கும். ஆனால் அச்சு அசலாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். வரி உடைவது மாறும். 96 பக்கப் புத்தகம் 98 ஆகலாம், அப்போது பொருளடக்கத்தில் பக்க எண் தப்பாகிவிடும். கொ, கௌ, ஸ்ரீ வரும் ஒரு பக்கத்தைத் திறந்து, கொம்பும் காலும் இடம் மாறாமல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு பழைய பிடிஎஃப்பைப் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒத்துப் பார்க்க வேண்டும். மெய்ப்புக்காரனுக்குப் பழக்கமான வேலைதான்.

"தேவைப்படும்போது ஒரு மாதச் சந்தா கட்டித் திறந்துகொள்ளலாமே" என்று சிலர் சொல்வார்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு அது சரி. அதற்கு மேல் நம்ப முடியாது. நம் அச்சகங்களில் ஒரு காலத்தில் எல்லாம் பேஜ்மேக்கர்தான். அதன் கடைசிப் பதிப்பு 2001இல் வந்த 7.0. அந்தக் கோப்புகளை இன்டிசைன் CS6 வரை திறந்தது. அதற்குப் பின் வந்தவை திறப்பதில்லை. இன்று எவ்வளவு சந்தா கட்டினாலும் அந்தக் கதவு திறக்காது.

இல்லஸ்ட்ரேட்டரில் செய்த சின்னங்களுக்கும் ஒரு சோதனை உண்டு. `.ai` கோப்பைச் சாதாரண பிடிஎஃப் படிப்பானில் திறந்து பாருங்கள். சித்திரம் தெரிந்தால் நல்லது. "saved without PDF Content" என்று ஓர் அறிவிப்பு மட்டும் வந்தால், சேமிக்கும்போது Create PDF Compatible File என்ற கட்டம் குறியிடப்படவில்லை என்று அர்த்தம். அதைக் குறியிட்டு மறுபடி சேமிக்க வேண்டும். சந்தா முடிந்துவிட்டால் அதற்கும் வழியில்லை.

கடைசியாக ஒன்று. கட்டி முடித்த கோப்புறையை அந்த மென்பொருள் இல்லாத வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். மருமகள் தன் அண்ணன் கணினியில் ஐந்து வேலைகளைத் திறந்து, ஒன்றில் ஒரு வரியைத் திருத்தி, புதிதாகப் பிடிஎஃப் எடுத்துப் பார்த்தாள். வந்தது. ஆண்டு ஒப்பந்தத்தில் இடையில் விலகினால் கட்டணம் உண்டு என்பதால், புதுப்பிக்கும் தேதியைப் பார்த்துக்கொண்டு அதற்குச் சற்று முன்பே ரத்து செய்தாள். இந்தச் சோதனைக்காக ஒரு மாதச் சந்தா கூடுதலாகக் கட்ட நேர்ந்தாலும், அதை வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன்.