👍 என்றால் என்ன? தட்டச்சு செய்பவர் சொல்ல வேண்டாம்!

2018-ல் மேகாலயாவில் ரயில்வே பாதுகாப்புப் படை அதிகாரி ஒருவர் கொலை செய்யப்பட்டார். அந்தச் செய்தி படையினரின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, ஒரு காவலர் கீழே 👍 போட்டார். கொலையைக் கொண்டாடிவிட்டார் என்று வேலையை விட்டே நீக்கினார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2024-ல் இரு நீதிபதிகள் அமர்வும் அவர் பக்கமே நின்றது. 'சரி, பார்த்துவிட்டேன்' என்பதற்கும் அந்தக் கட்டைவிரலைப் போடுவார்களே, அதைக் கொண்டாட்டமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டைத் தட்டச்சு செய்தவர் 👍 இருந்த இடத்தில் 'பாராட்டு' என்று அடித்திருந்தால்? வழக்கே அங்கேயே முடிந்திருக்கும். 'சரி' என்று அடித்திருந்தாலும் தவறுதான், அது எதிர்ப்பக்கத்துக்கு முடிந்திருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டுமே தட்டச்சு செய்பவரின் வேலை இல்லை.

இது கோர்ட் சமாச்சாரம் மட்டுமா? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் கான்ட்ராக்ட் வேலைக்கு ஆள் எடுக்கும் போஸ்ட்கள் எப்படி இருக்கும்? உதாரணத்துக்கு ஒன்றைக் கற்பனை செய்வோம்:

```
🔥🔥 ஒரகடம் - ஆட்கள் தேவை 🔥🔥
👉 ஐ.டி.ஐ / டிப்ளமோ
✅ ரூம்
✅ பஸ்
❌ சாப்பாடு
✅ 12 மணி நேர ஷிஃப்ட்
```

வேலைக்குச் சேர்ந்த பையனுக்குச் சம்பளத்தில் சாப்பாட்டுக் காசைப் பிடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். புகார் மனுவோடு இணைக்க இந்தப் போஸ்ட்டை யாரோ அடித்துக் கொடுக்கிறார்கள். குறிகளை விட்டுவிட்டு 'ரூம், பஸ், சாப்பாடு' என்று அடித்தால், சாப்பாடு தருவதாகச் சொன்னதுபோல் ஆகிவிடும். போஸ்ட் சொன்னது அது இல்லை.

சரி, ❌ இருந்த இடத்தில் 'இல்லை' என்று அடித்தால் போதாதா? போதாது. சாப்பாடு இல்லையா, சாப்பாட்டுக்குப் பிடித்தம் இல்லையா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். சண்டையே அதில்தான் இருக்கிறது! அதை விசாரிப்பவர் முடிவு செய்யட்டும். அதேபோல் ✅ என்றால் 'உண்டு' என்று எல்லா வரியிலும் அடிக்க முடியாது. 12 மணி நேர ஷிஃப்ட் பக்கத்தில் இருக்கும் ✅ சலுகையா, வெறும் வரித்தொடக்கக் குறியா? அவற்றை 1, 2, 3 என்று மாற்றினாலோ, போஸ்ட்டில் இல்லாத வரிசை ஒன்று முளைத்துவிடும்.

எனவே செய்ய வேண்டியது எளிது. படத்தில் இருக்கும் வரிகளை அப்படியே வரிகளாக விட வேண்டும். ஒவ்வொரு வரியிலும் எத்தனை குறி, எந்த இடத்தில் என்று எண்ணி, அதே குறியைப் போட வேண்டும். 🔥🔥 இருந்தால் இரண்டு, ஒன்று போதாது. விண்டோஸில் Win விசையோடு புள்ளியை அழுத்தினால் எமோஜி பெட்டி திறக்கும். ✔, ✅, ☑ மூன்றும் வெவ்வேறு எழுத்துகள். சின்னப் படத்தில் 😂 (U+1F602), 😭 (U+1F62D) இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒன்று சிரிப்புக் கண்ணீர், இன்னொன்று கதறல். பெரிதாக்கிப் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் [தெளிவில்லை] என்று போடுவதுதான் நேர்மை.

டி.டி.பி. கடைகளில் இன்னொரு தொல்லை உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து ANSI கோப்பாகச் சேமித்தால் தமிழ் தப்பித்துவிடும், எமோஜி மட்டும் ?? ஆகிவிடும். மனுவில் காரணமில்லாமல் கேள்விக்குறி தெரிந்தால் இதுதான் நடந்திருக்கும். யூனிகோடில் அடித்து UTF-8 ஆகச் சேமித்தால் பிரச்சினை இல்லை.

'பார்வையற்றவர்கள் எப்படிப் படிப்பார்கள், வார்த்தையில் எழுதினால்தானே நல்லது?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் திரைவாசிப்பு மென்பொருள்கள் எமோஜியின் பெயரைப் பெரும்பாலும் தாங்களே சொல்லிவிடும். குறியைப் போட்டால் அவர்களுக்கும் கேட்கும். விளக்கம் தேவைப்பட்டால் கீழே தனிக் குறிப்பாக எழுதலாம், போஸ்ட்டுக்குள் நுழைக்கக் கூடாது.

சரியான குறியைப் போட்டாலும் ஒரு குறை மிஞ்சும். ஒரே எமோஜி ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு மாதிரி தெரியும். 2016-ல் ஆப்பிள் தன் துப்பாக்கி எமோஜியைத் தண்ணீர்த் துப்பாக்கியாக மாற்றியபோது, மற்ற பல போன்களில் அதே குறி நிஜத் துப்பாக்கியாகவே இருந்தது. ஆகவே அடித்த பிரதியோடு அசல் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். பிரதி படிப்பதற்கு, படம் சரிபார்ப்பதற்கு.