நம் ஊர் ஆங்கிலமும் யந்திரத்தின் சந்தேகமும்

ஓர் ஆங்கிலக் கட்டுரையை மாணவி தானே எழுதினாளா, செயற்கை நுண்ணறிவு யந்திரம் எழுதிக் கொடுத்ததா என்று கண்டறிய இன்று மென்பொருள்கள் வந்துள்ளன. அவை நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுகின்றன. அந்த எண்ணை மட்டும் நம்பி ஒரு பெண்ணைப் பொய் சொன்னவள் என்று தீர்ப்பது நியாயமன்று என்பது எங்கள் கருத்து.

இம்மென்பொருள்களில் பல, ஒரு சொல்லை அடுத்து எந்தச் சொல் வரும் என்று ஊகித்துக்கொண்டே போகின்றன. ஊகம் அடிக்கடி பலித்தால் ‘யந்திரம் எழுதியது’ என்ற சந்தேகம் ஏறும். எதிர்பாராத சொல் வந்தால் இறங்கும். அவை படித்துப் பழகிய ஆங்கிலமோ பெரும்பாலும் மேல்நாட்டாருடையது.

சங்கரன்கோவில் மாணவியர் இருவர் திருவிழாவைப் பற்றி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒருத்தி, ‘எங்கள் நேட்டிவ் பிளேஸில் ஆடித் தபசுக்குக் கார் ஸ்ட்ரீட்டில் கூட்டம்’ என்ற பொருள்பட எழுதுகிறாள். கார் என்றால் மோட்டார் என்றே அறிந்த யந்திரம் திகைக்கும்; சந்தேகம் குறையும். மற்றவள், திருவிழாக்கள் மக்களை ஒன்றுசேர்க்கின்றன, மகிழ்ச்சி தருகின்றன என்று பாடப்புத்தக வாக்கியங்களைப் பிழையின்றிக் கோர்க்கிறாள். அத்தனையும் ஊகத்துக்கு எட்டுபவை, சந்தேகம் ஏறும். இருவரும் சொந்தமாகத்தான் எழுதினார்கள்! முதலாமவளின் நாட்டு வழக்குகளை ஆசிரியை திருத்திக் கொடுத்தால் அவளுடைய மதிப்பெண்ணும் மாறக்கூடும். ‘கலர்’ என்ற சொல்லில் நாம் சேர்க்கும் ‘யு’ என்னும் எழுத்துகூடக் கணக்கைச் சற்றே அசைக்கும். கட்டுரை சிறிதானால் அசைவு பெரிதாகும். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்ற விடுப்புக் கடிதத்தைத் தமிழ்நாடே மனப்பாடமாக எழுதுகிறது. அதை என்னவென்று சொல்லும், பாவம், யந்திரம்?

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2023இல் ஏழு மென்பொருள்களைச் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக நூற்றுக்கு 61 யந்திரம் எழுதியதென்று தவறாகக் குறிக்கப்பட்டன. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் இத்தவறு மிகக் குறைவு. பின்னர் அதே 91 கட்டுரைகளின் சொல்வளத்தைச் சாட்ஜிபிடியைக் கொண்டே கூட்டினார்கள். அப்போது தவறு சுமார் 12 ஆக இறங்கியது. யந்திரம் தொட்ட பிறகுதான் அவை மனிதக் கட்டுரைகளாகத் தோன்றினவாம்! எளிய சொற்களில் உண்மையாக எழுதியவளுக்குத் தண்டனை, அலங்காரம் கடன் வாங்கியவளுக்கு விடுதலை.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் மென்பொருளைத் துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது.

ஆகவே, ஐயம் எழுந்தால் ஆசிரியப் பெருமக்கள் முதலில் கரட்டுப்பிரதியைக் கேட்கட்டும். அடித்தல் திருத்தல்கள் அதில் இருக்கும். பிறகு மாணவியை அருகில் அழைத்து, இந்தச் சொல்லை ஏன் போட்டாய் என்று தமிழிலேயே கேட்கட்டும். மனப்பாடம் செய்தவள் ஒரு கேள்விக்குத் தப்பலாம், மூன்றாவதில் தடுமாறுவாள். பெற்றோரை வரவழைப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.