ஒரு பிளக் பாயின்ட் கேட்கும் கடிதம்

செய்யாற்றங்கரை மாகறலில் ஒருவர் மின் ஸ்கூட்டர் வாங்கினால் யாருக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை. திண்ணைச் சுவரில் ஒரு பாயின்ட் இழுத்தால் வேலை முடிந்தது. அதே ஆள் பிள்ளைகளின் படிப்புக்காகக் காஞ்சிபுரத்தில் மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு மாறிவிட்டால், வண்டி கீழே நிற்கும், அவருடைய மின்சாரம் மேலே இருக்கும். நடுவில் சங்கம் ஒன்று இருக்கும். அப்போதுதான் அந்தக் கடிதம் பிறக்கிறது: “வாகன நிறுத்துமிடத்தில் பொதுவாக ஒரு பிளக் பாயின்ட் அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கான மின் கட்டணத்தைச் செலுத்தத் தயாராக உள்ளேன்.”

இந்த இரண்டு வரிக் கடிதம் பெரும்பாலும் தோற்றுப்போகிறது. பெங்களூரு பன்னேர்கட்டா சாலையில் ஒருவர் மாதக்கணக்கில் கேட்டும் அனுமதி கிடைக்காமல், 2021 செப்டம்பரில் ஸ்கூட்டரை லிஃப்டில் ஏற்றி ஐந்தாம் மாடிச் சமையலறையில் நிறுத்திச் சார்ஜ் போட்ட படம் நாடெங்கும் பேசப்பட்டது. செய்தியைப் படித்தவர்கள் சங்கத்தைத் திட்டினார்கள். நம் தொழிலில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது வேறு. கடிதத்தில் சங்கம் முடிவெடுப்பதற்கான விவரம் எதுவும் இருக்காது. எத்தனை வாட், எந்த மீட்டரிலிருந்து, எந்தச் சுவரில், யார் பொறுப்பு என்று எதுவுமே இல்லாத தாளைச் செயலாளர் ஃபைலில் வைத்துவிடுவார். அதை எழுதுவதற்கு முன்பு அந்தக் குடியிருப்பாளர் ஒரு மின் ஒப்பந்ததாரரோடு அரை நாள் செலவிட்டிருந்தால் அது வேறு கடிதமாக இருந்திருக்கும். அந்த அரை நாளில் நாம் என்ன பார்க்க வேண்டும் என்பதற்கே இந்த மாத உரை.

எட்டு வீடு, லிஃப்ட் இல்லாத மூன்று தளம், நான்கு மின் ஸ்கூட்டர் என்று வைத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்தில் இந்த அளவுக் கட்டடங்களே அதிகம். பொதுச் சர்வீஸில் ஒரு குதிரைத்திறன் மோட்டார், படிக்கட்டு விளக்குகள், கேட் விளக்கு ஓடும். ஸ்கூட்டரோடு வரும் சார்ஜர் ஏறக்குறைய 750 வாட் இழுக்கும், அதாவது மூன்றேகால் ஆம்பியர். தனியாகப் பார்த்தால் அயர்ன் பாக்ஸைவிடக் குறைவுதான். ஆனால் அயர்ன் பாக்ஸ் விட்டு விட்டு ஓடும், சார்ஜர் நான்கு மணி நேரம் விடாமல் இழுக்கும். நான்கும் சேர்ந்தால் 3 கிலோவாட். எட்டு மணிக்கு வேலையிலிருந்து வந்து எல்லோரும் ஒரே நேரத்தில் சொருகுவார்கள், தொட்டி நிரப்ப மோட்டாரும் அப்போதுதான் ஓடும். ஒருமுனைப் பொதுச் சர்வீஸ் இதைத் தாங்காது. ஆக இரண்டே வழி. ஒன்று, மும்முனைக்கு மாற்றிக் கூடுதல் சுமைக்கு விண்ணப்பிப்பது. இன்னொன்று, டைமரும் கான்டாக்டரும் வைத்து இரவு பத்துக்கு மேல் மட்டும் சார்ஜிங் லைன் உயிர்பெறும்படி செய்வது. ஒரு நாளில் நாற்பது கிலோமீட்டர் ஓடிய வண்டிக்குத் திரும்ப ஏற வேண்டியது ஒன்றரை யூனிட்டுக்குள்தான், இரண்டு மணி நேர வேலை. ஆகவே டைமர் போதும் என்றே நான் சொல்வேன். இரண்டு வண்டி இருக்கும் இடத்தில் மும்முனை கேட்க வைப்பது வாடிக்கையாளர் பணத்தில் நம் பில்லை வளர்ப்பது.

மும்முனைக்குப் போகும் கட்டடங்களில் ஒன்றை மறக்கக் கூடாது. மூன்று பேஸில் பிரித்துப் போட்ட சார்ஜர்களுக்குப் பொது நியூட்ரல் ஒன்றே. அது மீட்டர் போர்டில் தளர்ந்தால், சுமை குறைந்த பேஸில் இருக்கும் வண்டிகளுக்கு 230 வோல்ட்டுக்குப் பதில் முந்நூற்றைம்பதுக்கு மேலும் ஏறலாம். ஒரே இரவில் இரண்டு சார்ஜர் போனால் கம்பெனியைக் குறை சொல்வதற்கு முன் நியூட்ரலைத் திறந்து பாருங்கள். ஒரு பக்கம் விளக்கு மங்கி மறுபக்கம் பளிச்சென்று எரிந்தது என்று யாராவது சொன்னால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்தது இடம். நம் ஊர்ச் சிறு அடுக்ககங்களில் எட்டு மீட்டரும் கீழே படிக்கட்டுக்கு அடியில்தான் இருக்கும். அங்கேயே பாயின்ட் வைத்தால் ஒயர் இரண்டு மீட்டரில் முடிந்துவிடும். செலவு குறைவு, மழை படாது, எல்லோருக்கும் வசதி. செய்யவே கூடாத வேலையும் அதுதான். அந்தக் கட்டடத்தில் இறங்குவதற்கு அந்த ஒரு படிக்கட்டுதான் உண்டு. 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது புகை. அந்த ஆண்டின் தொடர் தீவிபத்துகளுக்குப் பிறகு பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ்.-156 விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரு கட்டமாகக் கடுமையாக்கப்பட்டன. ஆனாலும் அதற்கு முன்பு வாங்கிய வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவையும் இதே வரிசையில்தான் நிற்கும். எனவே சார்ஜிங் வரிசை காம்பவுண்டுச் சுவர் பக்கம், படிக்கட்டு வாயிலிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி, மேலே சின்னக் கூரையோடு அமைய வேண்டும். பதினைந்து மீட்டர் கூடுதல் ஒயருக்கு ஆகும் பணத்தைச் சங்கம் கேள்வி கேட்டால், படிக்கட்டைக் காட்டினால் போதும்.

சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறை. ஐப்பசி மழையில் வாகன நிறுத்துமிடத்தில் முழங்கால் தண்ணீர் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணின் நியாயம் விளங்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் அதே விதிகளில் தடை இருக்கிறது. பாயின்ட் எண்ணிக்கை குறைவாக இருந்தால் எக்ஸ்டென்ஷன் தானாக வந்து சேரும் என்பதால், நான்கு வண்டிக்கு நான்கு பாயின்டும் ஐந்தாவதற்கு ஒயர் போட்ட குழாயும் இப்போதே வைப்பது நல்லது.

இனி இந்த வேலையில் அதிகம் தவறு நடக்கும் இடத்துக்கு வருகிறேன். கசிவு மின்னோட்டப் பாதுகாப்பு 30 மில்லி ஆம்பியர், குறைந்தது டைப் ஏ என்று விதி கேட்கிறது. சார்ஜருக்குள் ரெக்டிஃபையர் இருப்பதால் கசிவு துடிப்பு வடிவிலும் வரலாம், கடையில் மலிவாகக் கிடைக்கும் டைப் ஏசி அதைச் சரியாக உணராது. இது பலருக்குத் தெரியும். தெரிந்தவர்களும் செய்யும் தவறு, நான்கு பாயின்டுக்கும் சேர்த்து ஒரே ஆர்சிசிபி போடுவது. ஒவ்வொரு சார்ஜரும் பழுதில்லாமலேயே, உள்ளிருக்கும் ஃபில்டர் வழியாக ஓரிரு மில்லி ஆம்பியரை எர்த்துக்குக் கசியவிடும். நான்கு சேர்ந்து, மழை ஈரமும் சேர்ந்தால், எந்தப் பழுதும் இல்லாமல் நடு ராத்திரியில் ட்ரிப் ஆகும். காலையில் நான்கு பேரும் சார்ஜ் ஏறாத வண்டியோடு நிற்பார்கள். மூன்றாவது முறை ட்ரிப் ஆனதும் தெருமுனை எலக்ட்ரீசியன் வந்து அதை பைபாஸ் செய்துவிட்டுப் போவார். அன்றிலிருந்து அந்த இடத்தில் பாதுகாப்பே இல்லை, ஆனால் பெட்டிக்குள் கருவி இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு பாயின்டுக்கும் தனி 16 ஆம்பியர் ஆர்சிபிஓ, தனி 2.5 ஸ்கொயர் ஒயர் என்று போட்டால் இந்தக் கதை நடக்காது. எந்த வண்டி ட்ரிப் ஆக்குகிறது என்பதும் உடனே தெரிந்துவிடும்.

டெஸ்ட் பட்டனை அழுத்தினேன், ட்ரிப் ஆனது, எர்த் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொடுப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அந்தப் பட்டன் கருவிக்கு உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சோதனை செய்கிறது. எர்த் ஒயரே இல்லாத இடத்திலும் அது ட்ரிப் ஆகும். எர்த் இல்லாத கட்டடத்தில் பழுதான வண்டியின் உலோகப் பாகத்தில் மின்சாரம் காத்திருக்கும், ஒரு மனிதர் தொட்ட பிறகுதான் கருவி வேலை செய்யும். சித்திரை வெயிலில் காய்ந்துபோன பழைய எர்த் குழியை மீட்டர் வைத்து அளந்து, அந்த எண்ணைக் கடிதத்தோடு இணைக்க வேண்டும்.

பணத்தைப் பற்றிய பயம்தான் கூட்டத்தில் பெரிதாகப் பேசப்படும், கணக்கில் பார்த்தால் அதுவே மிகச் சிறியது. நாளுக்கு ஒன்றரை யூனிட்டுக்குள், மாதம் இருபத்தைந்து நாள் ஓட்டினால் முப்பத்தைந்து யூனிட் அளவில் நிற்கும். பத்து வீட்டுக்கும் மூன்று தளத்துக்கும் மேற்படாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களின் பொதுப் பயன்பாட்டுக் கட்டணத்தை 2023 நவம்பரில் யூனிட்டுக்கு 8.15 ரூபாயிலிருந்து 5.50 ஆகக் குறைத்தார்கள். அன்றைய அந்த விகிதத்தில் ஒரு வண்டிக்கு மாதம் 200 ரூபாய்கூட ஆகியிருக்காது. ஒவ்வொரு பாயின்டிலும் சப்மீட்டர் இருந்தால் பராமரிப்புத் தொகையோடு சேர்த்து வாங்கிவிடலாம். பொதுச் சர்வீஸில் வண்டிக்குச் சார்ஜ் போடுவது எந்தக் கட்டண வகையில் வரும் என்பதைப் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்வது அவசியம். 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி வண்டிச் சார்ஜுக்கென்றே தனி இணைப்பும் கேட்கலாம்.

அவரவர் வீட்டு மீட்டரிலிருந்தே இழுத்துக்கொள்ளட்டுமே என்று ஒருவர் சொல்வார். மீட்டர் கீழேயே இருப்பதால் முடியாத வேலை இல்லை. மத்திய மின்துறையின் 2022 ஜனவரி வழிகாட்டுதலும் வீட்டு இணைப்பில் வண்டிக்குச் சார்ஜ் போடுவதை அனுமதித்தது. ஆனால் இரண்டு மாதத்துக்கு 460 யூனிட் ஓட்டும் வீட்டில் எழுபது யூனிட் கூடினால் 500 தாண்டிவிடும், 101 முதல் 200 வரைக்கான மலிவு விலை அந்த வீட்டுக்குப் போய்விடும். வாடகைக்கு இருப்பவர் காலி செய்யும்போது அவர் போட்ட ஒயர் சுவரில் யாருக்கும் சொந்தமில்லாமல் தொங்கும். எட்டுப் பேர் எட்டு விதமாக இழுத்த ஒயர்களை மூன்று வருடம் கழித்துப் பிரித்தெடுக்கப் போகிறவரும் நம் தொழில்காரர்தான்.

ஆகவே கடிதத்தோடு நான்கு தாள் போகட்டும்: சுமைக் கணக்கு, படிக்கட்டையும் சார்ஜிங் சுவரையும் குறித்த கை வரைபடம், ஒற்றைக் கோட்டு மின் வரைபடம், எர்த் அளவு. கடைசித் தாளின் கீழே உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். கடிதத்தின் வாசகத்தையும் கொஞ்சம் மாற்றச் சொல்லுங்கள். எனக்கு ஒரு பாயின்ட் என்பதற்குப் பதில், ஸ்கூட்டர் வைத்திருக்கும் நான்கு வீட்டாரும் சேர்ந்து கையெழுத்திட்டு, அமைக்கும் செலவை நாங்கள் ஏற்கிறோம், பின்னால் வண்டி வாங்குபவர் தன் பங்கைத் தந்து சேரலாம் என்று எழுதினால், வண்டி இல்லாத நான்கு வீட்டாருக்கு மறுக்கக் காரணம் குறையும். டைமர் பெட்டியின் சாவி யாரிடம், மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்தி நோட்டில் எழுதுவது யார், கறுத்த சாக்கெட்டைக் கண்டால் யாருக்குச் சொல்வது என்பதும் பெயரோடு அதிலேயே இருக்கட்டும்.