நியூட்ரல் விட்டுப்போனால்

"லைன்ல வோல்டேஜ் கூடிருச்சு சார்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போவது எளிது. அவருக்கும் புரியும், ஆனால் அது உண்மையல்ல. அதை நம்பி ஸ்டெபிலைசர் வாங்குவார், கோளாறு அப்படியே இருக்கும். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள கடையில் சில விளக்குகள் மங்கும்போதே வேறு சில கண் கூச எரிந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது நியூட்ரலை. நான் இப்படித்தான் சொல்வேன்: "மூணு லைனுக்கும் பொதுவான திரும்பு வழி இந்த ஒரு கம்பி. இது விட்டுப்போனா, ஒரு லைன் கரண்ட் அடுத்த லைன்ல இருக்கிற சாமான் வழியாத்தான் திரும்பணும். ஆளுக்கு 230 வோல்ட்டுங்கிறது போய், ரெண்டு லைனுக்கு நடுவுல உள்ள 400ஐ ரெண்டு பக்கமும் ஏறத்தாழப் பங்கு போட்டுக்கும். ஹீட்டர் ஓடுற பக்கம் குறையும், டிவி மட்டும் இருக்கிற பக்கம் ஏறும். அதான் டிவி போச்சு." தண்ணீர்க் குழாய் உவமை இங்கே வேண்டாம், குழாய் அறுந்தால் தண்ணீர் நின்றுவிடும், இங்கே வோல்டேஜ் ஏறுகிறது. எலக்ட்ரீஷியன் நண்பர்களே, மெயினை அணைத்து, கருகிய நியூட்ரல் முனையைக் காட்டிக்கொண்டே இதைச் சொல்லுங்கள்.