காலண்டர் பஜனை

யு.கே.ஜி. வகுப்புகளில் காலைதோறும் ஒரு பஜனை நடக்கிறது. பேரனைக் கொண்டுபோய் விடும்போது ஜன்னல் வழியாகக் கேட்டிருப்பீர்கள். சுவரில் மாத காலண்டர், டீச்சர் கையில் ஒரு குச்சி. "டுடே ஈஸ்?" என்று அவர் கேட்டதும் முப்பது குழந்தைகள் "தர்ஸ்டே!" என்று கத்துகிறார்கள். நேற்று என்ன, நாளை என்ன என்று அதே சுருதியில் தொடர்ந்து, பிறகு ஞாயிறு முதல் சனி வரை ஒரு பாட்டு, ஜனவரி முதல் டிசம்பர் வரை இன்னொரு பாட்டு. ஒரு குழந்தை எழுந்து வந்து அன்றைய எண்ணை ஒட்டும். மற்ற இருபத்தொன்பதும் காலை நீட்டி உட்கார்ந்து, முன்னால் இருப்பவனின் சட்டைக் காலரை ஆராயும்.

இதற்கு இருபது நிமிடம் ஆகிறது. வருஷத்துக்கு 200 பள்ளி நாள் என்று வைத்துக்கொண்டாலும் 66 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. குமாஸ்தா புத்தி, கணக்குப் போடாமல் விடாது. இத்தனை மணி நேரம் செலவழித்து அந்தப் பிள்ளைக்கு என்ன தெரிந்தது என்பதுதான் என் கேள்வி.

உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். "வியாழனுக்கு அடுத்து என்ன?" என்று கேளுங்கள். குழந்தை ஞாயிற்றுக்கிழமையில் ஆரம்பித்து விரல் மடக்கிப் பாடிக்கொண்டு வந்து வெள்ளியில் நிற்கும். "வியாழனுக்கு முன்னால்?" என்றால் முழிக்கும், ஏனென்றால் பாட்டு பின்னோக்கி ஓடாது. "நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா?" என்பது கடைசிக் கேள்வி. வகுப்பில் "டுமாரோ ஈஸ் சாட்டர்டே" என்று முழங்கிய பிள்ளையே சாயங்காலம் அம்மாவிடம் போய்க் கேட்கும். பாட்டு ஒரு பெட்டியில் இருக்கிறது, நாள் வேறு பெட்டியில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் வாசல் இல்லை.

உடனே ஒரு பதில் வரும். "நாமும் வாய்ப்பாட்டை இப்படிக் கத்தித்தானே படித்தோம்?" ஆமாம், நான் பிரெஞ்சில் கத்தினேன், நீங்கள் தமிழில் கத்தினீர்கள். ஆனால் ஏழு எட்டு ஐம்பத்தாறு என்பது நாளைக்கும் ஐம்பத்தாறுதான். "இன்று வியாழன்" என்பது நாளைக்குப் பொய். இன்று 'இன்று' என்று பெயர் பெற்ற அதே நாள் விடிந்தால் 'நேற்று' ஆகிவிடுகிறது. ஒரே ஆள் தினமும் பெயர் மாற்றிக்கொண்டு வந்தால் ஐந்து வயதுப் பிள்ளை எப்படிப் பிடிக்கும்? அது போன தீபாவளியையும் "நேத்து" என்றுதான் சொல்கிறது. ஏழு பெயர்களின் வரிசைக்குப் பாட்டு போதும், இரண்டு வாரத்தில் வந்துவிடும். அதற்குப் பிறகும் வருஷம் முழுக்கப் பாடுவது பழக்கதோஷம்.

அந்த மாத காலண்டர் என்னும் கட்டம் இருக்கிறதே, அது பெரியவர்களுக்கான சாமான். சனிக்கிழமை வலது ஓரத்தில் சுவரில் முட்டி நிற்கிறது, அடுத்த நாளான ஞாயிறு ஒரு வரி கீழே, இடது கோடியில் போய் உட்காருகிறது. நமக்குப் படிக்கிற பழக்கத்தால் கண் தானாகப் பாய்கிறது. எழுத்துக்கூட்டவே இன்னும் வராத பிள்ளைக்கு, பக்கத்துப் பக்கத்து நாட்கள் இரண்டும் காலண்டரிலேயே தூரமான இடத்தில் இருக்கின்றன. போதாததற்கு முதல் வரியில் சில காலிக் கட்டங்கள் வேறு. அவை எந்த நாள் என்று ஒரு குழந்தை கேட்டால் டீச்சர் என்ன சொல்வார்?

இது என் சொந்தக் கோபம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் லிலியன் காட்ஸ் உள்ளிட்ட மூன்று கல்வியாளர்கள் 2008-லேயே இதே வழக்கத்தை விமர்சித்து எழுதினார்கள். நல்ல எண்ணத்தில் தொடங்கி வழிதவறிய பாடம் என்பதுதான் அவர்கள் வைத்த தலைப்பின் சாரம். கட்டத்துக்குப் பதில் நாட்களை ஒரே நேர்வரிசையாகக் காட்டுவது அவர்கள் சொன்ன மாற்றுகளில் ஒன்று. பிரான்சின் மழலைப் பள்ளிகளில் சிறு பிள்ளைகளுக்குக் கிழிக்கும் காலண்டர் வைக்கும் வழக்கம் உண்டு. 'எஃபெமெரீத்' என்பார்கள். நம் பாஷையில் தினசரி காலண்டர். நகைக்கடையும் மளிகைக்கடையும் ஜனவரியில் இலவசமாகக் கொடுக்கிறார்களே, அதேதான்.

பேரனோடு நான் செய்ததைச் சொல்கிறேன். கட்டையான தினசரி காலண்டரை அவன் கண் மட்டத்துக்கு மாட்டினேன். காலையில் எழுந்ததும் முந்தின நாள் தாளை அவன் கிழிக்க வேண்டும். கிழித்ததைக் குப்பையில் போடக் கூடாது, நடைச் சுவரில் இடமிருந்து வலமாக ஒட்ட வேண்டும். அவ்வளவுதான், மூன்று நிமிட வேலை. இப்போது நேற்று என்பது சுவரில் கடைசியாக ஒட்டிய தாள், இன்று என்பது கட்டின் மேல் தாள், நாளை என்பது அதற்கு அடியில் இருப்பது. 'நாளை எங்கே?' என்றால் அவன் தாளை லேசாகத் தூக்கி எட்டிப் பார்ப்பான். ஞாயிறு சிவப்பில் அச்சாகியிருக்கும். அதனால் சுவரில் ஆறு கறுப்புக்கு ஒரு சிவப்பு வருவதை யாரும் சொல்லாமல் அவனே கண்டுபிடித்தான். சிவப்பு வந்தால் காந்தி வீதி ஞாயிறு சந்தை என்பது அவன் கணக்கு.

அவன் சித்தி வருகிற நாள் நான்கு தாள் தள்ளி இருந்தது. அந்தத் தாளில் அவனே ஒரு பஸ் படம் வரைந்தான். மறுநாள் பார்த்தால் மூன்று தாளை ஒரேயடியாகக் கிழித்து வைத்துக்கொண்டு, சித்தி ஏன் வரவில்லை என்று நிற்கிறான்! தாளைக் கிழித்தால் நாள் வந்துவிடும் என்று நினைத்திருக்கிறான். பஜனையில் இந்தத் தப்பு வெளியே வரவே வராது. தாளில் வந்தது, திருத்த முடிந்தது. ஒரு ராத்திரி தூங்கினால் ஒரு தாள் என்று விதி போட்டோம்.

வகுப்பில் இதற்கு இன்னொரு லாபம் உண்டு. திங்கட்கிழமை காலை வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று தாள் கிழிக்க வேண்டியிருக்கும். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோதும் நாள் நடந்துகொண்டுதான் இருந்தது என்பது பல பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி.

மாதங்களுக்கு அவசரம் வேண்டாம். முப்பது நாளை மனதில் ஒன்றாகப் பிடிக்கிற வயது இல்லை அது. ஒரு மாதம் முடிந்ததும் அடுத்ததைக் கீழே புது வரிசையாக ஒட்ட ஆரம்பித்தால் போதும். பிப்ரவரி வரிசை ஏன் குட்டையாக இருக்கிறது என்று அதுவே கேட்கும். பொங்கல் இருக்கிற வரிசை ஜனவரி, கடற்கரையில் பிரெஞ்சுக் கொடி பறக்கிற ஜூலை 14 இருக்கிற வரிசை ஜூலை. பாட்டி சொல்கிற மார்கழியும் தையும் ஆங்கில மாதத்தின் நடுவில் பிறப்பவை. அவற்றை இதோடு கலந்து குழப்ப வேண்டாம், இரண்டு வருஷம் போகட்டும்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எங்களுக்கு லந்தி என்றால் நிலா, உங்களுக்குத் திங்கள் என்றால் நிலா. மார்தி செவ்வாய், மெர்க்ரெதி புதன், ழெதி வியாழன், வந்த்ரெதி வெள்ளி, எல்லாம் அதே கிரகம். வானத்தில் காட்டக்கூடிய பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழ்ப் பிள்ளைக்கு டியூஸ்டேயை மட்டும் கத்தக் கற்றுக்கொடுக்கிறோம்.

எந்தப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை. இதையெல்லாம் அங்கே ஒரு பொறுப்பாளரிடம் சொன்னபோது, "பேரன்ட்ஸ் வந்தால் பாடிக் காட்டணுமே சார்" என்றார். பிள்ளைக்காக இல்லை, நமக்காகத்தான் பஜனை நடக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது. ஆகவே அடுத்த முறை பேரன் ஏழு நாளையும் பாடிக் காட்டும்போது கைதட்டுவதற்கு முன், நாளைக்குச் சட்டையை இஸ்திரி போட வேண்டுமா என்று கேளுங்கள்.

வகுப்பில் செய்ய விரும்பும் டீச்சர்கள் பெரிய எண் போட்ட காலண்டராகப் பார்த்து எடுங்கள். ராகுகாலமும் எமகண்டமும் நெருக்கி அச்சிட்டது வேண்டாம். சுவரில் தாள் ஒட்டியிருப்பதைப் பற்றி ஆயாவிடம் முதல் நாளே சொல்லிவைப்பது நல்லது. எங்கள் வீட்டில் வெள்ளையடிக்க வந்தவர் ஒரு முழு ஆகஸ்டைச் சுரண்டி எடுத்துவிட்டார்.