நின்றால்தான் 4கே

"ரெசல்யூஷன் மோடுதான் முழுத் தரம், ஃப்ரேம்ரேட் மோடு அவசரக்காரர்களுக்கு" என்கிறார் நண்பர். நின்று வேடிக்கை பார்ப்பவருக்கு அது சரி. கேமராவைத் திருப்பிப் பாருங்கள். ரெசல்யூஷன் மோடில் நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஒவ்வொரு படமும் 33 மில்லிநொடி திரையில் அசையாமல் நிற்கும்; நகர்வதைத் தொடரும் கண்ணுக்கு 4கே நுணுக்கம் மங்கிப்போகும். பட்டனுக்கான பதிலும் தாமதமாகும். ஃப்ரேம்ரேட் மோடின் 60-இல் ஒரு படம் நிற்பது 17 மில்லிநொடிதான். விலையாகப் பிக்சல்கள் குறையும், தூரத்து இலைகள் மினுங்கும்.

இரண்டில் ஒன்று என்பதும் பழைய கணக்கு. 2021-இலேயே பிஎஸ்5-இன் 'ராட்செட் அண்ட் க்ளாங்க்: ரிஃப்ட் அபார்ட்' 40 ஃப்ரேம் தந்தது. ஃப்ரேமுக்கு 25 மில்லிநொடி. நேரக் கணக்கில் 30-க்கும் 60-க்கும் சரிபாதி வழி. அதற்கு 120 ஹெர்ட்ஸ் டிவி வேண்டும். 60 ஹெர்ட்ஸ் 40-ஆல் சமமாக வகுபடாது. அந்த டிவி இல்லையா? ஓடிச் சண்டையிடும் ஆட்டத்துக்கு 60-ஐயே தேர்ந்தெடுங்கள்.